12-ஆம் தேதி, வெள்ளிக்கிழமை

அலுவலகத்தில் எனக்குக் 'கமாக்கா' என்று பெயர், காற்புள்ளி அக்கா. முதுகுக்குப் பின்னால்தான் அப்படிச் சொல்கிறோம் என்று அவர்களுக்கு நினைப்பு. எனக்குத் தெரிந்து ஐந்து வருடமாகிறது. அதில் எனக்கு வருத்தம் இல்லை, சொல்லப்போனால் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

பிரிந்து வாழும் கணவன் மனைவி வழக்கில் பிள்ளையை யார் எப்போது பார்ப்பது என்று நீதிமன்றம் தீர்மானிக்கும். பார்க்கிற இடம் எங்கள் மையம். ஒரு விளையாட்டு அறை, ஒரு காத்திருப்புக் கூடம், ஆலோசகர் மேடத்தின் அறை, அப்புறம் என் மேசை. மாதா மாதம் சந்திப்புத் தேதிகளை மெயிலில் அனுப்புவது என் வேலை. அம்மாவுக்கு ஒரு மெயில், அப்பாவுக்குத் தனியாக ஒரு மெயில். ஒருவர் முகவரி இன்னொருவருக்குத் தெரியக் கூடாது என்பது விதி.

எனக்கு முன்னால் இருந்தவர் '3, 4 மணிக்கு வரவும்' என்று எழுதிவிட்டுப் போனார். மூன்றாம் தேதி நாலு மணியா, மூன்று மணிக்கும் வந்து நாலு மணிக்கும் வர வேண்டுமா என்று ஒரு தாத்தா போனில் என்னைப் பிய்த்து எடுத்துவிட்டார். அன்றைக்கே ஒரு தாள் அடித்துச் சுவரில் ஒட்டினேன். மாதம், தேதி, அதற்குப் பின்னால் 'ஆம்', பிறகு காற்புள்ளி, கிழமை, மறுபடி காற்புள்ளி, நேரம். 'ஜூலை 1-ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை, மாலை 4 மணி.' இதில் எதை விட்டாலும் திருப்பி அனுப்புவேன். 'ஆம்' இருந்தால் அந்த எண் தேதி; மணியும் இல்லை, ஆள் கணக்கும் இல்லை. கிழமை இருப்பது காவலுக்கு. தேதி தப்பினால் கிழமை பிடித்துக்கொடுக்கும்.

நீதிமன்றத்துக்கு மட்டும் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். அங்கே தேதி எண்ணில் ஒன்றுக்கு 'st' என்று ஒரு வால், இரண்டுக்கு 'nd' என்று ஒரு வால், மூன்றுக்கு 'rd' என்று ஒரு வால், மிச்சத்துக்கெல்லாம் 'th' என்று இன்னொரு வால். பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று வந்தால் அந்த மிச்ச வால்தான். இருபத்தொன்று வந்ததும் பழையபடி ஒன்றின் வால். மேடத்துக்கு இது இன்றுவரை பிடிபடவில்லை. "தமிழ்ல எல்லாத்துக்கும் ஒரே 'ஆம்', எவ்வளவு நிம்மதி" என்பார். நானும் ஆமாம் போட்டிருக்கிறேன்.

என் ஒவ்வொரு மெயிலின் அடியிலும் ஒரு வரி இருக்கும்: 'தேதியும் கிழமையும் பொருந்தாவிட்டால் உடனே அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைக்கவும்.' அதுவும் நான் சேர்த்ததுதான்.

ஜூலையில் ஒரு பஸ் டிரைவருக்கும் அவர் மகளுக்கும் மூன்று சந்திப்புகள்: 1, 11, 21. மகளுக்கு ஏழு வயது. அவருக்கு ஏற்கெனவே இரண்டு முறை ஆப்சென்ட் விழுந்திருந்தது. அந்த இரண்டு முறையும் முழுக்க முழுக்க அவர் தப்பு. ஒரு முறை தூங்கிவிட்டார், இன்னொரு முறை நண்பர்களோடு எங்கேயோ போய்விட்டார். மூன்றாவதும் விழுந்தால் சந்திப்பு நின்றுவிடும். அடுத்த விசாரணை ஆறு மாதம் கழித்து. அதுவரை மகளைக் கண்ணால்கூடப் பார்க்க முடியாது.

இதற்கிடையில், மெயில்கள் போகும் முன்பே, ஒன்றாம் தேதி விளையாட்டு அறைக்குப் பெயின்ட் அடிக்க ஆள் வருவதாக முடிவானது. முதல் சந்திப்பை இரண்டாம் தேதிக்குத் தள்ளினோம். அம்மாவின் மெயிலைக் கையாலேயே திருத்தி அனுப்பினேன். அப்பாவின் மெயிலை எடுத்தபோது போன் அடித்தது, வாசலில் கூரியர்காரர் வேறு கத்திக்கொண்டிருந்தார். அவசரத்தில் '1-ஆம்' என்று தேடி '2-ஆம்' என்று போட்டு எல்லா இடத்திலும் ஒரேயடியாக மாற்றும் 'ரீப்ளேஸ் ஆல்' பொத்தானைத் தட்டினேன். செவ்வாயைக் கையால் புதனாக்கினேன். அனுப்பிவிட்டேன். மற்றவர்கள் மெயிலை மூன்று தடவை படிக்கிற நான் என்னுடையதை ஒரு தடவைகூடப் படிக்கவில்லை.

இரண்டாம் தேதி அவர் ஒழுங்காக வந்தார். பதினோராம் தேதி வெள்ளிக்கிழமை வரவில்லை.

அந்தச் சிறுமி நாலு மணியிலிருந்து ஐந்து மணி வரை விளையாட்டு அறையில் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். இரண்டு தடவை அவருக்குப் போன் போட்டேன். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. ஐந்து மணிக்கு அவளிடம் போய், "அப்பா இன்னிக்கு வரல போல இருக்கும்மா" என்றேன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். கூடத்தில் இருந்த அவள் அம்மா, "மூணாவது தடவை. எழுதிக்குங்க மேடம்" என்றார். எழுதினேன். எனக்கும் அந்த ஆள்மேல் அப்படியொரு ஆத்திரம். அறிக்கை அன்று மாலையே நீதிமன்ற எழுத்தருக்குப் போய்விட்டது. திங்கட்கிழமை காலை நீதிபதியின் மேசைக்குப் போய்விடும்.

மறுநாள் சனிக்கிழமை மூன்றே முக்காலுக்கு டிரைவர் வந்து நின்றார். சட்டை இஸ்திரி போட்டிருந்தது, தலையைப் படிய வாரியிருந்தார்.

"பாப்பா வந்துட்டாளா மேடம்?"

எனக்கு எரிந்துகொண்டு வந்தது. "நேத்து வந்தா. ஒரு மணி நேரம் உக்காந்திருந்தா. இன்னிக்கு வந்து நிக்கிறீங்களே, மெயில் படிக்கவே மாட்டீங்களா சார்? வெள்ளிக்கிழமைன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கேன்!"

அவர் போனை எடுத்து நீட்டினார். நான் அனுப்பிய மெயில்தான்.

'ஜூலை 2-ஆம் தேதி, புதன்கிழமை, மாலை 4 மணி.
ஜூலை 12-ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, மாலை 4 மணி.
ஜூலை 22-ஆம் தேதி, திங்கட்கிழமை, மாலை 4 மணி.'

ஒன்றை இரண்டாக்கச் சொன்னேன். அது பதினொன்றின் வாலையும் இருபத்தொன்றின் வாலையும் சேர்த்துப் பிடித்து மாற்றியிருந்தது. ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் வால் வேறாக இருப்பதால் பதினொன்றாவது தப்பித்திருக்கும். காற்புள்ளிகள் மட்டும் இருக்க வேண்டிய இடத்தில் சுத்தமாக இருந்தன.

"பன்னெண்டுன்னு போட்டிருந்துச்சு. பன்னெண்டுக்கு லீவு எழுதிக் குடுத்தேன்" என்றார் அவர். "எங்க டிப்போல கிழமையெல்லாம் பாக்க மாட்டாங்க மேடம், டூட்டி சார்ட்ல வெறும் தேதிதான். நேத்து வண்டியில இருந்தேன். ஓட்டும்போது போன் டிப்போ பெட்டியில இருக்கும்." பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆப்சென்ட் போட்டுட்டீங்களா?" என்று கேட்டார்.

அவரைக் கூடத்தில் உட்காரச் சொல்லிவிட்டு மேடத்தின் அறைக்குப் போனேன். என்னைவிடப் பத்து வயது சின்னவர், நல்லவர், பயந்த சுபாவம். இரண்டு மெயில்களையும் காட்டினேன். நெற்றியைத் தேய்த்துக்கொண்டே படித்தார். அடியில் இருந்த வரியில் அவர் விரல் நின்றது.

"அக்கா, இங்க பாருங்க. பொருந்தலன்னா கூப்பிடணும்னு நீங்களே போட்டிருக்கீங்க. அவரு கூப்பிடல. அப்போ அது அவரு பொறுப்புதானே?"

அந்த வரியை மறுபடி படித்தேன்.

"அடுத்த மாசம் நம்ம மையத்துக்கு அனுமதி புதுப்பிக்கணும். இந்த நேரத்துல கோர்ட்டுக்கு நாமளே போய் எங்க தப்புன்னு எழுதினா என்ன ஆகும்? அதோட, இது உங்க ஃபைல்லயும் ஏறும். அவரு ஏற்கெனவே ரெண்டு தடவை வராத ஆளு. ஒண்ணும் உத்தமர் இல்ல."

சொன்னதெல்லாம் சரி. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு நிமிடம் எனக்கும் அந்த வரி பெரிய ஆறுதலாக இருந்தது. நானே கட்டின சுவர். அதன் பின்னால் சௌகரியமாக ஒளிந்துகொள்ளலாம். யாரும் என்னைக் கேட்க முடியாது. கண்ணாடி வழியாகக் கூடத்தைப் பார்த்தேன். அவர் போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து அந்த மெயிலையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தார், தான் எங்கே தப்பு செய்தோம் என்று தேடுகிறவரைப் போல.

"மேடம்," என்றேன், "கிழமையைப் பாக்க வேண்டியது அவரு வேலை இல்ல, என் வேலை. அனுப்புறதுக்கு முன்னாடி காலண்டர்ல நான் பாத்திருக்கணும். அந்த வரி, நான் பாக்காததுக்கு அவரைப் பொறுப்பாக்குற வரி. அதை எடுத்துடலாம்."

"யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"யோசிச்சா எழுத மாட்டேன். அதான் இப்பவே எழுதறேன்."

அவர் பெருமூச்சு விட்டார். "எழுதுங்க. நானும் கையெழுத்து போடறேன்."

இரண்டு பெற்றோருக்கும் அனுப்பிய மெயில்களை அப்படியே இணைத்து எழுத்தருக்கு எழுதினேன். தந்தை வராததற்குக் காரணம் மையம் கொடுத்த தவறான தேதி, தவறு என்னுடையது, வெள்ளிக்கிழமை அறிக்கையைத் திரும்பப் பெறுகிறோம். டிரைவருக்கு உடனே திருத்தம் அனுப்பினேன்: 'ஜூலை 21-ஆம் தேதி, திங்கட்கிழமை, மாலை 4 மணி.' சுவரில் தொங்கிய காலண்டரில் விரல் வைத்துப் பார்த்த பிறகுதான் அனுப்பினேன். சிறுமியின் அம்மாவுக்கும் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். "அவ ராத்திரி சாப்பிடவே இல்ல, தெரியுமா?" என்றார். மன்னிப்புக் கேட்டேன். வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை ஆப்சென்டை நீக்கிவிட்டதாக எழுத்தரிடமிருந்து பதில் வந்தது. எனக்கு எழுத்து மூலமாக ஒரு எச்சரிக்கையும் வந்தது. இப்போது நான் எழுதும் மெயில்களை மேடம் படித்த பிறகுதான் அனுப்ப வேண்டும். கமாக்கா என்று யாரும் சொல்வதில்லை. பாவம் பார்க்கிறார்கள் போலிருக்கிறது. அதுதான் தாங்க முடியவில்லை.

இருபத்தொன்றாம் தேதி டிரைவர் மூன்று மணிக்கே வந்துவிட்டார். மகள் நாலு மணிக்கு வந்தாள். ஆனால் விளையாட்டு அறைக்குள் போகவில்லை. கதவுக்கு வெளியே சுவரோடு ஒட்டி நின்றுவிட்டாள். அவள் அம்மா கூப்பிட்டும் அசையவில்லை. உள்ளே அவர் எழுந்து நின்றார், வெளியே வரத் தயங்கினார்.

எனக்கு முட்டி வலி, குனிய முடியாது. இருந்தாலும் அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தேன்.

"பாப்பா, அன்னிக்கு அப்பா உன்னை மறக்கல. நான்தான் அப்பாவுக்குத் தேதியைத் தப்பா எழுதிட்டேன். அப்பா மறுநாள் வந்து உன்னைத் தேடினாரு. தப்பு என்னுது."

அவள் என்னை நிதானமாகப் பார்த்தாள்.

"நீங்களா?"

"ஆமாம்மா."

"அதுக்கு முன்னாடி ரெண்டு தடவை அப்பா வரலியே. அப்பவும் நீங்கதான் தப்பா எழுதினீங்களா ஆன்ட்டி?"

நான் வாயைத் திறந்தேன். 'ஆமாம்' என்று சொல்லிவிடுவது எவ்வளவு சுலபம்! அவளுக்கு நிம்மதி, அவருக்கு நிம்மதி. ஒரு தப்போடு இன்னும் இரண்டு சேர்ந்தால் எனக்கு என்ன குறைந்துவிடப் போகிறது? சொல்லத்தான் போனேன்.

"இல்லடா" என்றார் கதவருகே வந்து நின்றிருந்த அவர். "ஆன்ட்டி சரியாத்தான் எழுதியிருந்தாங்க. அந்த ரெண்டு தடவையும் அப்பாதான் வரல. வந்திருக்கலாம். வரல."

கூடத்தில் அவள் அம்மா தலையை நிமிர்த்திப் பார்த்தார்.

அவள் அப்பா பக்கம் திரும்பினாள். பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு செருப்பாகக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். அவர் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார். அவள் அதில் உட்காரவில்லை. எதிரில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்து, "ஏன் வரல?" என்று கேட்டாள்.