ஜிலாலி அனுப்பிய மணப்பெண்கள்

அந்த வசந்தத்தில், கல்யாணப் படம் எடுக்கும் ஜிலாலியின் பெயரைச் சொல்லிக்கொண்டு முதலில் வந்த பெண்ணிடம் நான் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. பழைய திருமண ஆல்பம் எதிலாவது பார்த்திருப்பாள் என்று நினைத்தேன். இரண்டாவது பெண் வந்தபோது, அவள் போன பிறகு கடைக் கதவைச் சாத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஜிலாலியை நாங்கள் ஜனவரியில், மழையில், அடக்கம் செய்திருந்தோம்.

பத்தூல் என் பெயர்; ஊரார் மரியாதைக்கு லல்லா என்பார்கள். நான் நெக்காஃபா. மணப்பெண்ணுக்கு ஓர் இரவில் ஏழு உடை மாற்றி, நகை பூட்டி, பல்லக்கில் ஏற்றி, நான்கு ஆட்களின் தோளில் அவளைக் கூடத்தைச் சுற்றிவரச் செய்வது என் வேலை. எங்கள் மெக்னெஸ் நகரில் இந்த வேலை விளம்பரத்தால் வருவதில்லை. படம் எடுப்பவர் அனுப்புவார், மேடை அலங்கரிப்பவர் அனுப்புவார். நாங்களும் அவர்களுக்கு அனுப்புவோம். அதனால் கடைக்கு வருகிற ஒவ்வொரு பெண்ணிடமும் தேநீருக்கு முன்பே நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: உன்னை யார் அனுப்பினார்கள்?

ஏழு வருடங்களுக்கு முன் ஜிலாலியும் அலங்காரக்காரர் அல்லால் என்பவரும் நானும் ஒரு காபிக் கடையில் உட்கார்ந்து இதற்கு விதி எழுதினோம். காகிதம் இல்லை. ஜிலாலி தன் பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து அதன் முதுகில் எழுதினார். கூலியில் பத்தில் ஒரு பங்கு. கல்யாணம் முடிந்து, பெண் வீட்டார் பாக்கியைக் கொடுத்த பிறகுதான். முதலில் அனுப்பியவருக்கு மட்டும். யாரும் அனுப்பாமல் வருகிறவளுக்கும் அதே விலை. பெண் வீட்டாரிடம் மறைக்கக் கூடாது. வேலையைக் கெடுத்தவருக்கு அதன்பின் யாரையும் அனுப்ப வேண்டாம். மூன்று கையெழுத்து. திருப்பினால் படத்தில் என் பல்லக்கு காலியாக நிற்கும். தூக்குகிறவர்கள் நான்கு பேரும் யாருக்கோ காத்திருப்பதுபோல வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கண்ணாடி போட்டுக் கடையில் மாட்டியிருக்கிறேன். ஜனவரிக்குப் பிறகு அதை நேராகப் பார்ப்பதைத் தவிர்த்தேன்.

ஏப்ரலில் கிஸ்லான் வந்தாள். காசாபிளாங்காவிலிருந்து வந்து இங்கே கடை திறந்திருக்கும் கல்யாண ஏற்பாட்டாளர். வேலையில் கெட்டிக்காரி, அதில் சந்தேகமில்லை.

"இந்தக் கோடைக்குப் பதினொரு கல்யாணம் கையில இருக்கு, லல்லா பத்தூல். பதினொண்ணும் உங்களுக்குத்தான். உங்க கூலி பதினைஞ்சாயிரம் திர்ஹாம்தானே? இருபதுன்னு சொல்லுங்க. அஞ்சு எனக்கு. பொண்ணு வீட்டுக்குத் தெரிய வேண்டாம்."

"பத்துல ஒண்ணு தர்றேன், தெரிஞ்சே தர்றேன்."

"பத்துல ஒண்ணா! நான் என்ன பள்ளிவாசல் வாசல்லயா உட்கார்ந்திருக்கேன்?" சிரித்தாள். "யோசிங்க. நாளைக்கு முதல் பொண்ணைக் கூட்டிட்டு வர்றேன். வேற நெக்காஃபாவும் ஊர்ல இருக்காங்க."

யோசித்தேன். அந்தக் கோடைக்கு என்னிடம் அதுவரை மூன்றே கல்யாணம். என்னிடம் வேலை பார்க்கும் ஐந்து பெண்களில் இரண்டு பேரை நிறுத்த வேண்டிய நிலை. இருபது என்று நாலு தடவை தனியாகச் சொல்லிப் பார்த்தேன். ஐந்தாவது தடவை நாக்குக்குப் பழகிவிட்டது.

மறுநாள் பகல் பதினொரு மணிக்கு கிஸ்லான் ஷைமா என்ற பெண்ணையும் அவள் அம்மாவையும் அழைத்து வந்தாள். பழக்கம் போகவில்லை. கேட்டேன்: "உன்னை யார் அனுப்பினாங்க, மகளே?"

கிஸ்லான் புருவத்தை உயர்த்தினாள். ஷைமாவோ, "படம் எடுக்கிறவர். ஸீ ஜிலாலி," என்று மரியாதை சேர்த்துச் சொன்னாள். "அப்புறம்தான் இவங்களைப் பார்த்தோம். இவங்களும் உங்க பேரையே சொன்னாங்க."

"ஜிலாலியா?" என்றாள் கிஸ்லான். "அவர் ஜனவரியிலேயே போய்ச் சேர்ந்துட்டாரேம்மா."

ஷைமா அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். "போன வாரம் வியாழக்கிழமை போன் பண்ணேன். அவர் குரலைக் கேட்டேன்."

"நானும் பக்கத்துல இருந்தேன்," என்றாள் அம்மா மெதுவாக. பிஸ்மில்லா என்று முணுமுணுத்துக்கொண்டாள்.

கடையில் தொங்கிய உடைகள் அத்தனையும் காற்றில்லாமலே அசைந்ததுபோல் எனக்குத் தோன்றியது. படத்தைச் சுவரிலிருந்து கழற்றினேன். முதுகில், கையெழுத்துக்குக் கீழே, அவருடைய கடை எண் இருந்தது. அந்த எண்ணுக்கு நான் ஒருமுறைகூடப் பேசியதில்லை. வேண்டுமென்றால் நேரில் போய்விடுவேன். எல்லோருக்கும் கேட்கும்படி போனை மேசையில் வைத்து அழைத்தேன். நான்கு முறை மணி அடித்தது. பிறகு ஒரு சொடுக்கு.

"ஜிலாலி பேசுறேன். ஒரு கல்யாணத்துல இருக்கேன், வர்றதுக்கு நேரமாகும். கல்யாணப் பொண்ணாம்மா? நான் வர்ற வரைக்கும் சும்மா இருக்காதே. லல்லா பத்தூலைப் போய்ப் பாரு. நான் அனுப்பினேன்னு சொல்லு. எனக்குப் பத்துல ஒண்ணு தருவா, மறைக்க ஒண்ணுமில்ல. உன்கிட்ட அதுக்காக ஒரு காசு கூடக் கேட்க மாட்டா. கேட்டா எங்கிட்ட வந்து சொல்லு."

கடைசி வார்த்தையில் ஒரு சிரிப்பு. பின்னால் எங்கோ மேளம். அப்புறம் பீப் ஒலி, காத்திருக்கும் மௌனம். நான் துண்டித்தேன்.

ஷைமாவின் அம்மாதான் முதலில் பேசினாள். கிஸ்லானைப் பார்க்காமல் என்னையே பார்த்தாள். "அவருக்குப் பத்துல ஒண்ணு. சரி. இவங்களுக்கு எவ்வளவு?"

கிஸ்லான் கைப்பையின் கொக்கியைத் திறந்து மூடினாள். இருபது என் நாக்கில்தான் இருந்தது.

"பதினைஞ்சாயிரம்," என்றேன். "யார் அனுப்பினாலும் அதேதான். முதல்ல அனுப்பினது ஜிலாலி. அதனால இவங்களுக்கு இந்தக் கல்யாணத்துல என்கிட்டேயிருந்து ஒண்ணுமில்ல. அடுத்ததுல இவங்க முதல்ல அனுப்பினா, பத்துல ஒண்ணு."

"செத்தவருக்குக் கமிஷன்!" கிஸ்லான் எழுந்தாள். "கல்லறைக்கு மணியார்டர் அனுப்புங்க லல்லா. மிச்சப் பத்துப் பொண்ணுங்களும் இந்த வாசலை மிதிக்க மாட்டாங்க."

சொன்னபடியே செய்தாள்.

அன்று மதியத் தொழுகைக்குப் பிறகு ஜிலாலியின் கடைக்குப் போனேன். பாதி இறக்கிய ஷட்டருக்குள் குனிந்து நுழைந்தால், அவர் மனைவி ருகய்யா இருட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே மேசையில் தூசி துடைத்த ஒரே பொருள், போனுக்குப் பதில் சொல்லும் பதிவுக் கருவி. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"காலையில கூப்பிட்டது நீங்கதானா?" என்றாள். "மூச்சு மட்டும் கேட்டுச்சு."

"நீங்க எடுக்கவே மாட்டீங்களா?"

"எடுத்தா அவர் பேச மாட்டாரே."

நான் அவள் பக்கத்தில் ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்தேன். மூன்று பெண்கள் வந்ததைச் சொன்னேன். கல்யாணங்கள் முடிந்ததும் மூன்றுக்கும் அவர் பங்கு அவளிடம் வரும் என்றேன்.

"அவர் உயிரோட இல்லையே."

"அனுப்பினது அவர்தானே. விதியில வேற ஒண்ணும் எழுதலை."

அவள் அந்தச் சிவப்பு விளக்கைப் பார்த்தாள். "அந்தப் பொண்ணுங்க அவர் வருவார்னு நினைச்சுக்கிட்டு இருக்காங்க, பத்தூல். நேரமாகும்னுதானே சொல்றார். நான் ஒவ்வொரு தடவையும் கேட்டுட்டு, ஒரு பொய்யை ஓட விட்டுட்டு உட்கார்ந்திருக்கேன். மறைக்க ஒண்ணுமில்லன்னும் அவரே சொல்றார், பாருங்க."

அதை அணைக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எனக்கும் அந்தக் குரல் வேண்டியிருந்தது.

அப்போது போன் மணி அடித்தது. இருவரும் அசையவில்லை. நான்காவது மணி. சொடுக்கு. ஜிலாலி கல்யாணத்தில் இருந்தார், சிரித்தார், என்னிடம் போகச் சொன்னார். பீப்.

"ஸீ ஜிலாலி," என்றது ஓர் இளம்பெண்ணின் குரல். "என் பேரு இத்தோ. ஆகஸ்டுல கல்யாணம். நீங்க எப்ப வருவீங்க?"

ருகய்யா கையை நீட்டினாள். விரல்கள் கருவியின்மேல் ஒரு கணம் தங்கின. பிறகு ரிசீவரை எடுத்தாள்.

"அவர் இறந்துட்டார் மகளே," என்றாள். "நான் அவர் மனைவி." அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள் போலும். ருகய்யா என்னைப் பார்த்தாள்.

"ஆமா," என்றாள். "அவர் சொன்னது அப்படியேதான். போய்ப் பாரு."