ரோஸிக்கு எழுதிய வரிகள்

தங்கபாய் அக்காவின் நாய் ரோஸி செத்த அன்று ஜினி ஆறுதல் கடிதத்தை மூன்று தடவை எழுதினாள். ‘வேற நாய் வாங்கலாம்’ என்பதை அடித்தாள். ‘வயசாயிட்டுல்லா’ என்பதையும் அடித்தாள். ‘நீங்க வேலை முடிஞ்சு வர்ற பஸ் சத்தம் மட்டும் ரோஸிக்குத் தெரியும். வேற பஸ்ஸுக்குக் காதைக்கூடத் தூக்காது’ என்று எழுதியபின், அது போதுமா என்ற சந்தேகம். அக்காவையும் தெரிந்த வகுப்புத் தோழி அஸ்வதிக்கு, அன்று மாலை கடிதத்தைப் படமெடுத்து அனுப்பினாள்.

“ஒரு நாய்க்குப் போய் இம்புட்டா, ஏட்டி?” என்று அஸ்வதி ஃபோனில் சிரித்தாள்.

மறுநாள் ஜினி கடிதத்தோடு அக்கா வீட்டுக்குப் போனாள். அக்கா ஃபோனை நீட்டினார்.

“அஸ்வதி அனுப்பினது மக்கா. எல்லாரும் நாய்தானேன்னு சொன்னாவ. இவ ஒருத்திதான் ரோஸின்னு பேர் சொல்லி எழுதினா.”

அத்தனையும் ஜினியின் வரிகள். கீழே அஸ்வதியின் பெயர். உண்மையைச் சொன்னால் அக்காவுக்குக் கிடைத்த ஒரே ஆறுதலும் போய்விடும்.

“நல்லா எழுதியிருக்கா,” என்றாள் ஜினி. கையிலிருந்த கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள்.