அங்க அடையாளம்

கூடத்தில் நான்கு நாற்காலிகளை வரிசையாகப் போட்டுவிட்டால் அது பேருந்து. போட்டோக்காரர் மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்து, கழுத்தை நீட்டி, எட்டு வயது மகளின் இடது கன்னத்தை வைத்த கண் வாங்காமல் பார்ப்பார். பிறகு குரலைக் கிழவராக மாற்றிக்கொண்டு, “ஐயையோ பாப்பா, கன்னத்துல என்னம்மா? சுட்டுக்கிட்டியா?” என்று கேட்பார். வீட்டில் பட்டாணி என்று பெயர் எடுத்த மகள் முதுகை நிமிர்த்தி, அந்தக் கிழவரின் கண்ணைப் பார்த்துச் சின்னதாகச் சிரித்துச் சொல்வாள்:

“இது பொறந்ததுலேருந்து இருக்கற மச்சம். வலிக்காது, ஒட்டாது. நீங்க எந்த ஸ்டாப்புல எறங்கணும்?”

மூன்றே வரி. மருத்துவமனை ஆலோசகர் அக்கா சொல்லிக்கொடுத்தது. முதலில் விஷயத்தைச் சொல், அடுத்து எதிராளியின் பயத்தைப் போக்கு, பிறகு பேச்சை வேறு பக்கம் திருப்பு. இஷ்டமில்லை என்றால் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போகலாம், யாருக்கும் விளக்கம் சொல்லும் கடன் உனக்கில்லை என்றும் அந்த அக்கா சொல்லியிருந்தாள். பெற்றோரைத் தனியாகக் கூப்பிட்டு இன்னொன்றும் சொன்னாள். “அவ பதில் சொல்றப்போ நீங்க குறுக்க விழாதீங்க. ஊரே பாத்தாலும் அவ திரும்பிப் பாக்கறது உங்க மூஞ்சியத்தான்.” போட்டோக்காரர் பெரிதாகத் தலையாட்டினார். தலையாட்டுவதில் என்ன கஷ்டம்?

மச்சம் கீழ் இமையில் தொடங்கி மேலுதட்டின் ஓரத்தில் முடிந்தது. கன்னத்தில் திராட்சைச் சாற்றைக் கொட்டித் துடைக்க மறந்த மாதிரி இருக்கும். அழுதால் கருஞ்சிவப்பாகும், வெயிலில் ஓடினாலும் அப்படித்தான். இமையைத் தொடுவதால் வருஷம் ஒரு தடவை கண்ணின் அழுத்தத்தைச் சோதிக்க வேண்டும். ஆறு தடவை லேசர் வைத்தாயிற்று. ஒவ்வொரு தடவையும் கன்னம் முழுக்க நாவல்பழப் புள்ளிகள் கிளம்பிப் பத்து நாள் கழித்து மறையும். நிறம் கொஞ்சம் வெளுத்தது. முழுசாகப் போகாது என்று மருத்துவர் முதல் நாளே சொல்லிவிட்டார். ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் அம்மா அதைக் கேட்டு ஒருநாள் அழுது தீர்த்துவிட்டு மறுநாள் வேலைக்குப் போய்விட்டாள். போட்டோக்காரர் அழவில்லை. அழாதது எங்கேயாவது போய்ச் சேரத்தானே வேண்டும்!

அந்த வருஷம் பட்டாணியின் பள்ளிக்கூடத்து அடையாள அட்டை வேலை அவருக்கே வந்தது. நானூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள். வெள்ளைத் திரைக்கு முன்னால் ஒரு முக்காலி, அதில் ஒவ்வொருவராக உட்கார வேண்டும். பட்டாணியின் முறை வந்தபோது அவருக்குத் தெரியும், இவள் முகத்தை இடதுபக்கம் திருப்பி, வலது கன்னத்தைத்தான் கொடுப்பாள். கைக்குழந்தைப் படத்துக்குப் பிறகு எடுத்ததெல்லாம் அப்படித்தான். ஆனால் அன்று அவள் நேராக உட்கார்ந்தாள். முழு முகத்தோடு கேமராவைப் பார்த்துச் சிரித்தாள். பேருந்துச் சிரிப்பு. வரிசையில் நின்ற பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிரித்தாள்.

ஸ்டுடியோவில் கணினிக்கு முன்னால் உட்கார்ந்து படங்களைச் சரிசெய்தார். பள்ளிக்கூடத்தில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள்: அட்டை அடையாளத்துக்கு, மச்சம், தழும்பு எதிலும் கை வைக்கக் கூடாது. ஒழுகிய மூக்கைத் துடைக்கலாம், எண்ணெய் மினுக்கைக் குறைக்கலாம், அவ்வளவுதான். ஒரு பிள்ளைக்கு அரை நிமிஷம். மகளின் படத்துக்கு நாற்பது நிமிஷம் ஆயிற்று. வலது கன்னத்தில் கொஞ்சம் நல்ல தோல் எடுத்து இடது கன்னத்துக் கெட்ட தோலின் மேல் தடவ வேண்டும். நல்ல தோல், கெட்ட தோல் என்பது தொழிலில் எல்லாரும் சொல்கிற பேச்சு, இருபது வருஷமாக அவரும் யோசிக்காமல் சொல்லிவந்தார். கடைசியில் திரையிலிருந்து ஒரு வழுவழுப்பான பெண் அவரைப் பார்த்துச் சிரித்தாள். அழகாகத்தான் இருந்தாள். ‘இப்படியும் இருந்திருக்கலாம்’ என்று நினைத்தார். அந்த நினைப்பு அவருக்கே கூச்சமாக இருந்தது. இருந்தும் சேமிப்புப் பொத்தானை அழுத்தினார்.

அட்டை கொடுத்த நாள் பட்டாணி பள்ளி முடிந்து நேரே ஸ்டுடியோவுக்கு வந்தாள். பையைக் கழற்றாமல் மேஜைமேல் அட்டையை வைத்தாள்.

“அப்பா, இது யாரு?”

“நீதாம்மா.”

அவள் அட்டையைத் திருப்பினாள். பின்பக்கத்தில் பெயர், வகுப்பு, ரத்தப் பிரிவு. அதற்குக் கீழே: அங்க அடையாளம், இடது கன்னத்தில் சிவப்பு மச்சம்.

“பின்னாடி எழுதியிருக்கு. முன்னாடி காணோம்.”

“மிஷின் தானா பண்ணிடுச்சு போல.”

“பக்கத்துல உக்காருறவ தாடை மச்சம் அவ கார்டுல இருக்கே.”

போட்டோக்காரர் அட்டையை எடுத்து மறுபடியும் முன்பக்கம் திருப்பி வைத்தார்.

“அவதான் கேட்டா, உங்கப்பாவுக்கே இது புடிக்கலையான்னு” என்றாள் பட்டாணி. “கிண்டலாக் கேக்கல. தெரியாமத்தான் கேட்டா. நான் மூணு வரியும் சொன்னேன். அவ, அதான் எனக்குத் தெரியுமே, நான் கேட்டது அது இல்லைன்னா.” தோளில் பையின் வாரை இழுத்துவிட்டுக்கொண்டாள். “அதுக்கு நாம பழகலையேப்பா.”

வேலியே பயிரை மேய்ந்த கதை என்பார்கள். வேலிக்காவது பசித்தது என்று சொல்லிக்கொள்ளலாம். இவர் என்ன சொல்வார்? மகளின் தலையைத் தொடக் கையை நீட்டினார். அவள் குனிந்து ஷூ நாடாவை அவிழ்த்துத் திரும்பக் கட்டினாள்.

அதற்குப் பிறகு கூடத்தில் பேருந்து ஓடவில்லை. நாற்காலிகளை வரிசையாகப் போட்டுவிட்டு மூன்றாவதில் உட்கார்ந்து அவர் காத்திருந்தார். அவள் வீட்டுப்பாடம் இருக்கிறது என்று உள்ளே போய்விட்டாள். சாப்பாட்டு நேரத்தில் பெஞ்சின் கோடியில் தனியாக உட்காருகிறாள், கேட்டால் பசியில்லை என்கிறாள் என்று வகுப்பு டீச்சர் போனில் சொன்னார். போட்டோக்காரர் மனைவியிடம் நடந்ததைச் சொன்னார். அவள் திட்டியிருந்தால் தேவலை. “நீயா?” என்று மட்டும் கேட்டுவிட்டு, அவர் முகத்தைப் புது ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். ஒரே வீட்டில் மூன்று பேர் மூன்று மூலையில் இருந்தார்கள்.

புது அட்டை அடிக்கலாம் என்றால் பழைய படத்தின் மேலேயே சேமித்துத் தொலைத்திருந்தார். கேமராவின் மெமரி கார்டை வேறு வேலைக்காக அழித்தாயிற்று. அவள் முதல் தடவை நேராகப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இப்போது எங்கேயும் இல்லை.

சனிக்கிழமை காலையில் புது அட்டைக்குப் படம் எடுக்கப் பட்டாணி ஸ்டுடியோ முக்காலியில் வந்து உட்கார்ந்தாள். முகத்தை இடதுபக்கம் திருப்பிக்கொண்டாள். வலது கன்னம் மட்டும் விளக்கு வெளிச்சத்தில் தெரிந்தது.

“அப்பா பண்ணது தப்பும்மா” என்றார். “மிஷின் இல்ல. நான்தான்.”

“தெரியும்.”

“நேராப் பாக்கறியா?”

அவள் உடனே திரும்பவில்லை. வெளியே ஒரு வண்டி நின்று, கிளம்பிப் போயிற்று. பிறகு மெதுவாகத் திரும்பினாள். போட்டோக்காரர் கேமராவில் கண்ணை வைத்தார். கன்னம் கேமராவின் கட்டத்தை நிறைத்தது. ஓரங்களில் ரோஜா நிறம், நடுவில் கருஞ்சிவப்பு, லேசர் பட்ட இடங்களில் வெளுத்த வட்டங்கள். நாற்பது நிமிஷம் அதன் மேல் வேலை செய்தவர், இப்போதுதான் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். விரல் பொத்தானை அழுத்தவில்லை.

எதிர்ப்பக்கம் முக்காலியில் ஒரு முதுகு நிமிர்ந்தது. பட்டாணி நேரே கண்ணாடி வில்லைக்குள் பார்த்து, சின்னதாக, மரியாதையாகச் சிரித்தாள்.

“இது பொறந்ததுலேருந்து இருக்கற மச்சம்” என்றாள். “வலிக்காது, ஒட்டாது.”

மூன்றாவது வரி மட்டும் மாறியது.

“நீங்க என்ன வேலை பாக்கறீங்க?”