சுண்ணாம்புக் குளிசை

புருஷன் தில்லைநாதனின் முப்பத்தோராம் நாள் அந்திரட்டி முடிந்த அன்றே பத்மாசினி மனதுக்குள் ஒரு நேர்த்தி வைத்தாள். புத்தூரில் மருந்துக்கடை வைத்திருக்கும் பார்த்தீபனை நாலு பேர் முன்னால் தலைகுனிய வைக்க வேண்டும்.

புருஷனுக்கு முதல்தரம் மாரடைப்பு வந்த பிறகு கிளினிக்கில் கொழுப்பைக் குறைக்கிற குளிசை இலவசமாகக் கொடுத்தார்கள். "உது சுண்ணாம்பு அண்ணை, வெளிநாட்டுக் கொம்பனியின்ரையைப் போடுங்கோ" என்று பார்த்தீபன் சொல்ல, அந்த மனுசன் நம்பிவிட்டார். தோட்டத்தில் வெங்காயம் அழுகி நட்டப்பட்ட வருஷம் அந்த விலைகூடிய பெட்டி கைக்கு எட்டவில்லை. சுண்ணாம்பை விழுங்க மனமும் வரவில்லை. ஐந்து மாதம் குளிசையே போடாமல் இருந்தார். ஆறாம் மாதம் தோட்டத்தில் சரிந்தவர் எழும்பவில்லை.

"விட்டதாலைதான் எண்டு அடிச்சுச் சொல்லேலாது அம்மா," என்றார் கிளினிக் டொக்டர். "ஆனால் சீவியம் முழுக்கப் போடவேண்டிய மருந்து. பெட்டியிலை பேர்தான் வேறை, உள்ளுக்கை மருந்து ஒண்டு."

பத்மாசினிக்கும் அதே குளிசைதான். நாலு கிழமைக்கொருக்கால் கிளினிக், தருவது முப்பது. மிஞ்சும் இரண்டையும் சேர்த்து வைப்பாள். பழையதை முதலில் போட்டு முடிப்பாள். ஒரு நாளும் தவறவிட்டதில்லை. ஆத்திரத்தையும் அப்படித்தான் சேர்த்தாள்.

மாசியில் ஆஸ்பத்திரியில் குளிசை தட்டுப்பாடு. வெளியில் வாங்கச் சொல்லி டொக்டர் மருந்தின் பேரை எழுதித் துண்டு கொடுத்தார். அவள் நேரே பார்த்தீபனின் கடைக்குப் போனாள். கிளினிக் சனம் அங்கே நெருக்கியடித்து நின்றது.

"அற்றோவஸ்ரற்றின். மலிஞ்சது தாங்கோ."

"மலிஞ்சது இல்லை அக்கா. இந்தக் கொம்பனிதான் கிடக்கு. மருந்தை விடக்கூடாது, கொண்டு போங்கோ."

"நான் விடமாட்டன். என்னட்டை இன்னும் எட்டு நாளைக்குக் கிடக்கு. ஆறுதலாய் ரவுனுக்குப் போய் வாங்குவன்."

அவன் முகம் சுருங்கியது. "அந்த மலிஞ்ச சுண்ணாம்பையோ?"

இதற்காகத்தானே அவள் காத்திருந்தாள்.

"ஓம், அதைத்தான். போன மாசம் உம்மடை மனிசி சுவர்ணா கிளினிக்கிலை எனக்கு முன்னாலை நிண்டு அதைத்தான் வாங்கினவ. எட்டு வருஷமாய்ப் போடுறாவாம், கொழுப்பு நல்லாய்க் குறைஞ்சிட்டுதாம். சுண்ணாம்பெண்டால் பெண்டிலுக்கு ஏன் குடுக்கிறீர்? என்ரை மனுசனுக்கு மட்டும் ஏன் அப்பிடிச் சொன்னனீர்?"

முன்னால் நின்ற கிழவர் தன் துண்டை மேசையிலிருந்து திருப்பி எடுத்தார். "தங்கச்சி, ரவுனிலை எந்தக் கடை?" என்றார். பின்னால் நின்ற இரண்டு பெண்களும் தங்கள் துண்டுகளைக் கேட்டு வாங்கினார்கள்.

அடுத்த கிளினிக் நாளில் வரிசை முழுக்க அவள் அதையே சொன்னாள். அதற்கடுத்த கிளினிக்கிலும் சொன்னாள். சித்திரையில் பார்த்தீபன் மலிந்த குளிசையைக் கண்ணாடி அலுமாரியின் முன்தட்டிலேயே அடுக்கி வைத்தான். "அக்கா, இப்ப எங்களிட்டையும் கிடக்கு," என்று வீதிக்கே வந்து கூப்பிட்டான்.

பத்மாசினி நின்று அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"அவர் உயிரோடை இருக்கேக்கை வச்சிருக்கவேணும்," என்றாள். ரவுன் பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள்.