பாட்டுக்குப் பின்னால் ஒரு வரி

கணவன் ஹெட்போனை மாட்டியதும், கணினி முன் உட்கார்ந்திருந்த அவள் புது வீடியோவை ஓடவிட்டாள். யூடியூபில் அவன் வெளியிடும் பக்திப் பாடல்களுக்கு வீடியோ தொகுப்பவள் அவள்தான். புதுப் பாடலின் முடிவில் அவன் பேசியிருந்ததை, அவனைக் கேட்காமலே நீக்கியிருந்தாள்.

"பத்துப் பேருக்கு அனுப்பினால்தான் பலன்" என்ற அவன் குரல் அதில் இல்லை. தம்புரா மட்டும் மெல்ல ஒலித்தது. திரையில் அடுத்த பாடலைத் தொட்டுத் திறக்க ஒரே ஒரு பெட்டி, அதன் கீழே ஒரு வரி: 'மனமிருந்தால் இன்னொரு பாடல். இல்லையென்றாலும் நிறைவுதான்.'

"யாரைக் கேட்டு மாத்தின? பத்துப் பேருக்கு அனுப்பச் சொன்னதாலதான் போன பாட்டு அவ்வளவு பேருக்குப் போச்சு."

"தெரியும். அதுக்கு வந்த கமெண்டைப் படிங்க."

ஒரு தாய் எழுதியிருந்தாள்: 'எட்டுப் பேருக்குத்தான் அனுப்ப முடிந்தது. அதனால்தான் குழந்தைக்குக் காய்ச்சல் விடவில்லையா?'

அவன் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தான். இனி இந்த வீட்டில் தனக்குத் தொகுப்பு வேலை இருக்காது என்றே அவள் நினைத்தாள்.

"பழைய வீடியோலயும் நான் பேசினதை வெட்டிடு," என்றான்.

"வெட்டினா கடைசியில வர்ற அடுத்த பாட்டுப் பெட்டியெல்லாம் முன்னால நகர்ந்து பாட்டு மேலயே உட்காரும்."

"அதையும் எடுத்துடு."

"அடுத்த பாட்டுக்கு யாரும் வரமாட்டாங்க."

"வராட்டிப் போறாங்க. நகரு, முதல்ல அந்தம்மாவுக்குப் பதில் எழுதணும்."

அவள் நாற்காலியை விட்டு எழுந்தாள். 'உங்கள் மேல் எந்தத் தப்பும் இல்லையம்மா' என்று அவன் தட்டத் தொடங்கினான்.