பெயர் சொன்ன எச்சரிக்கை

பாப்பாரப்பட்டியில் யோகா வகுப்பு நடத்திவந்த கலைவாணன் மாற்றலாகிப் போய்விட்டார். அவருடைய பழைய வகுப்பின் ஒலிப்பதிவைக் கேட்டு, பெண்கள் வீட்டில் செய்வதற்கான பயிற்சித் தாளை எழுதிக்கொண்டிருந்தாள் புதிதாக வந்த நிர்மலா. மனுஷர் எச்சரிக்கையைக்கூடப் பெயர் சொல்லித்தான் சொல்லியிருந்தார். தாளில் பெயரையா எழுத முடியும்? “சாலம்மா, முதுகுவலியோட குனியாதீங்க” என்றதை, ‘முதுகுவலி உள்ளவர்கள் முன்னால் குனியக் கூடாது’ என்று எரிச்சலோடு மாற்றினாள்.

அடுத்தது புஜங்காசனம். குப்புறப் படுத்து, மூச்சை இழுத்தபடி நெஞ்சைத் தூக்கி, இயல்பான மூச்சில் ஐந்து எண்ணும்வரை நின்று, மூச்சை விட்டபடி இறங்க வேண்டும், மூன்று முறை. பதிவில் எண்ணிக்கை இரண்டிலேயே நின்றது.

“கலைமணி, இது உங்களுக்கு வேண்டாங்க. சும்மா உக்காந்திருங்க.”

ஏன் என்று கலைவாணனுக்குப் போன் போட்டுக் கேட்டாள். “அவங்களையே கேளுங்க” என்று வைத்துவிட்டார்.

மறுநாள் நிர்மலாவின் வகுப்பிலும் புஜங்காசனத்தின்போது கலைமணி உட்கார்ந்தேதான் இருந்தாள். வகுப்பு முடிந்ததும் நிர்மலா அவளைத் தனியாக நிறுத்தினாள்.

“அப்ப வயித்துல மூணு மாசங்க. சார்கிட்ட மட்டுந்தான் சொல்லியிருந்தேன்.”

பேனா கையிலேயே இருந்தது. ‘கர்ப்பிணிகள் செய்யக் கூடாது’ என்று எழுதிய பிறகுதான் நிர்மலாவுக்கு உறைத்தது. பதிவு நான்கு மாதம் பழையது. கலைமணியின் வயிறு ஒட்டியிருந்தது.

“கலைஞ்சு போச்சுங்க” என்றாள் கலைமணி. தாளில் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தவள் மெல்லக் கேட்டாள்:

“அப்ப, இனிமே நானும் செய்யணுங்களா?”