சேர்த்து வைத்த செருப்பு

1.

கிட்டே வாருங்கள், கண்ணுகளா. முதுகு சுவரில் படும்படி உட்கார்ந்துகொள்ளுங்கள். ஏன் என்று போகப்போகத் தெரியும். ஒரு பேய்க்கதை சொல்லப்போகிறேன். பயம் வரும். ஒரு சொட்டு ரத்தம்கூட வராது.

இது எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் கட்டடத்தில், கீழ்வீட்டு நர்ஸ் முன்னால் ஒருநாள் என் பழைய கதை ஒன்றை எடுத்துவிட்டேன். கதவிடுக்கில் ரத்தம் வழிகிற கதை. எல்லோரும் முகத்தைச் சுளித்தார்கள். அவள் மட்டும் கொட்டாவி விட்டாள். ரத்தம் என்றால் அவளுக்கு வேலைதானாம், துடைக்க வேண்டியதுதானாம். "சரி, உனக்கு எதுடீ பயம்?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தாள்.

"வேலை முடிஞ்சு வந்து படுக்கறப்ப, மெத்தை சூடா இருந்தா."

சொல்லிவிட்டு அவள் தூங்கப் போய்விட்டாள். எனக்குத்தான் தூக்கம் போய்விட்டது.

2.

ஆரம்பம் எழுதிப் பார்த்தேன்.

நள்ளிரவு. அந்தப் பாழடைந்த குடியிருப்பில் ஓர் அலறல்

(வேண்டாம். பாழடைந்த வீடென்றால் கேட்கிறவர்கள் முன்கூட்டியே பயந்து வைத்துக்கொள்வார்கள். கையில் குடை விரித்தவனை மழையில் நனைக்க முடியுமா?)

அந்த வீட்டில் முன்பு ஒரு பெண் தூக்கில்

(இதுவும் வேண்டாம். காரணம் தெரிந்துவிட்டால் பயம் பாதி செத்துப்போகும்.)

பிற்பகல். மாடிக்கொடியில் துணி காய்கிறது. எங்கோ குக்கர் கூவுகிறது.

இது சரி. இப்படியே வைத்துக்கொள்வோம். முதலில் வீட்டை நீங்கள் விரும்ப வேண்டும். பிடிக்காத வீட்டில் பேய் வந்தால் நமக்கென்ன?

3.

மூன்றாவது மாடியில் அக்காவும் தங்கையும். அக்கா தையல்காரி, வீட்டிலேயே தைக்கிறவள். தங்கை ஆஸ்பத்திரி நர்ஸ், ராத்திரி டூட்டி. ஒருத்தி தூங்கும்போது இன்னொருத்தி உழைக்கிற வீடு.

வீட்டின் அமைப்பை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் கேட்பேன். வாசற்கதவைத் திறந்தால் ஒரு ஒடுங்கிய நடை. இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்ட வேண்டும். நடையின் நடுவில், இடது பக்கம், தங்கை தூங்குகிற அறை. நடை முடிகிற இடத்தில் கூடம். கூடத்து ஜன்னலோரம் தையல் மிஷின். ஜன்னலுக்குக் கம்பி போட்டிருக்கிறது. எல்லா வீட்டிலும் இருப்பதுதான். அதைப் பற்றி இப்போது ஒன்றும் நினைக்காதீர்கள்.

அவர்களுக்குள் ஒரு வழக்கம். தங்கை விடிந்து வந்ததும், வேலைக்குப் போட்டுப் போன செருப்பை வாசலுக்குள் கழற்றிவிட்டு, அங்கே கிடக்கும் வீட்டுச் செருப்பை மாட்டிக்கொள்வாள். படுக்கப் போகும்போது அதை அறைக்கு வெளியே உதறிவிட்டுப் போவாள். ஒன்று குப்புற, ஒன்று எங்கேயோ. அறைவாசலில் செருப்பு கிடந்தால் தங்கை தூங்குகிறாள் என்று அர்த்தம். உடனே அக்கா மிஷினை மூடிவிடுவாள். காலிங் பெல்லின் சுவிட்சை அணைப்பாள். யாரும் சாவி போட்டு நுழைந்து எழுப்பிவிடாதபடி வாசற்கதவுக்கு உள்தாழ்ப்பாளும் போடுவாள். பிறகு பொத்தான் கட்டுவது, ஓரம் மடிப்பது என்று கைத்தையல்தான்.

அப்படியும் தங்கையிடம் நல்ல பெயர் கிடையாது. கத்தரி கீழே விழுந்தால்கூட உள்ளேயிருந்து சத்தம் வரும்: "மனுஷியை நிம்மதியா தூங்க விடறியா நீ? நான் செத்தா மிஷினைத்தான் கட்டி அழுவே." அக்காவும் விடமாட்டாள், மிஷினாவது சோறு போடுகிறது என்பாள். பிறகு இரண்டு பேரும் சிரிப்பார்கள்.

(ஏன் இவ்வளவு நீட்டுகிறேன்? சட்டம் தெரிந்தால்தானே அது மீறப்படுவது தெரியும். பொறுங்கள்.)

4.

அன்று காலை அக்கா நடையைக் கூட்டினாள். அறைவாசலில் ஒன்றும் இல்லை. தங்கை இன்னும் வரவில்லை. குளிக்கப் போனாள். தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்தபோது அறைக்கதவு சாத்தியிருந்தது. அறைவாசலில் செருப்பு.

வந்துவிட்டாள் என்று நினைத்தாள். தண்ணீர்ச் சத்தத்தில் கதவு திறந்தது கேட்டிருக்காது. மிஷினுக்கு உறை. பெல் சுவிட்ச். உள்தாழ்ப்பாள்.

கூடத்துக்குத் திரும்பும்போதுதான் கவனித்தாள். செருப்பு இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டி, சேர்த்து வைத்திருந்தது. முனைகள் கதவைப் பார்த்தபடி.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஒருவழியாகப் புத்தி வந்துவிட்டதே என்று நினைத்துக்கொண்டாள்.

(கவனியுங்கள், அவள் சிரிக்கிறாள். உங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கும் உங்களுக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி விழுந்துவிட்டது. என் வேலையெல்லாம் அந்த இடைவெளியில்தான். இனி அதை அகலப்படுத்த வேண்டும், மெதுவாக.)

5.

வழக்கம்போல ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுபோய் அறைவாசல் முக்காலியில் வைத்தாள். பள்ளிச் சீருடைச் சட்டைகளுக்குப் பொத்தான் தைக்க உட்கார்ந்தாள். ஊசி ஏறும், இறங்கும். நூலைப் பல்லால் கடிப்பாள். உள்ளே ஒரு தடவை இருமல் கேட்டது. வார்டில் ஏதாவது தொற்றிக்கொண்டதோ என்று கவலைப்பட்டாள். கட்டில் கிறீச்சிட்டது. புரண்டு படுக்கிறாள்.

அடுத்த முறை எழுந்து பார்த்தபோது பாட்டிலில் பாதித் தண்ணீர் இல்லை. மூடி மட்டும் கழற்றாமல் இறுக்கமாக

(இல்லை. அழித்துவிட்டேன். மூடியிட்ட பாட்டிலில் தண்ணீர் குறைந்தால் அது மாயாஜாலம். நமக்கு மாயாஜாலம் வேண்டாம்.)

பாட்டிலில் பாதித் தண்ணீர் இல்லை. அவ்வளவுதான். எந்த வீட்டிலும் நடப்பதுதான். அக்காவுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

அவள் கையிலிருந்து கத்தரி நழுவி, தரையில் 'டங்' என்று விழுந்தது.

தோளைக் குறுக்கிக்கொண்டு திட்டுக்காகக் காத்திருந்தாள்.

திட்டு வரவில்லை.

பாவம், அசந்து தூங்குகிறாள் என்று நினைத்தாள். குனிந்து கத்தரியை எடுத்தாள். நிமிரும்போது கழுத்துக்குப் பின்னால் லேசாக ஏதோ உறுத்தியது. அவளுக்கே காரணம் தெரியவில்லை.

6.

செல்போன் அதிர்ந்தது. தெரியாத எண். எடுத்து, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, "யாருங்க?" என்றாள்.

"நான்தான்க்கா. என் போன் செத்துப்போச்சு, வார்டு போன்லேருந்து பேசறேன். மாத்தி விடறவ வரவே இல்ல, இப்பதான் விட்டாங்க. கிளம்பிட்டேன்."

அக்கா நடைப் பக்கம் திரும்பினாள்.

"ஹலோ? ஏன்க்கா கிசுகிசுன்னு பேசற?" தங்கை அலுப்போடு சிரித்தாள். "வீட்டுல யார் தூங்கறா?"

(இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டு எழுந்து போய், என் வீட்டு அறைகளை ஒருமுறை பார்த்துவிட்டு வந்தேன்.)

அக்கா பதில் சொல்வதற்குள் இணைப்பு போய்விட்டது. அதே எண்ணுக்குத் திரும்பக் கூப்பிட்டாள். வேறு யாரோ எடுத்து, அவங்க அப்பவே கிளம்பியாச்சே என்றார்கள்.

7.

இப்போது காரணங்கள் வரிசையாக வரும். மனது அப்படித்தான் வேலை செய்யும். அதைத் தடுக்கக் கூடாது. ஒவ்வொன்றையும் வரவிட்டு, ஒவ்வொன்றாக விழவிட வேண்டும்.

செருப்பு நேற்றிலிருந்தே அங்கே கிடந்திருக்கும். (காலையில் கூட்டினாளே.) பக்கத்து வீட்டு இருமலாக இருக்கும். (கட்டில்?) திருடனாக இருக்கும். இதற்காக அவள் கிட்டத்தட்ட ஆசைப்பட்டாள். ஆனால் திருடன் வந்து, செருப்பைச் சேர்த்து வைத்து, தண்ணீர் குடித்துவிட்டு, வெயில் ஏறி இறங்கும்வரை படுத்திருப்பானா?

காலையிலிருந்து தான் செய்ததையெல்லாம் அவள் நினைத்துப் பார்த்தாள். அதன் தூக்கம் கலையக் கூடாதென்று மிஷினை மூடினாள். தாகத்துக்குத் தண்ணீர் வைத்தாள். இருமலுக்குக் கவலைப்பட்டாள். வெளியிலிருந்து யாரும் வராதபடி, தன் கையாலேயே தாழ்ப்பாள் போட்டுக் காவல் இருந்தாள்.

வீட்டின் அமைப்பை நினைவில் வைக்கச் சொன்னேனே? ஜன்னலில் கம்பி. வெளியே போக ஒரே வழி, நடை. நடையின் நடுவில் அந்த அறை.

ஜன்னலோரமாகவே நின்று கத்தலாம், ஆள் வரும்வரை. அப்படித்தான் நினைத்தாள். ஆனால் தங்கை கிளம்பிவிட்டாள். இரவெல்லாம் நின்ற கால்கள். மாடிப்படி ஏறி வந்து தட்டுவாள்; உள்ளே இருப்பது எழுந்து தாழ்ப்பாளை நீக்கிவிட்டால், விளக்குகூடப் போடாமல் நேரே அந்த அறைக்குள் போய் விழுவாள். அவளை வாசலிலேயே மறித்துக் கீழே இழுத்துப் போக வேண்டும். அதற்கு அக்கா நடையைக் கடக்க வேண்டும்.

பயத்தைவிடப் பெரியதாக ஒன்று இருந்தால்தான் ஒருத்தி பயத்துக்குள் காலெடுத்து வைப்பாள். இங்கே அது தங்கை.

8.

வெறுங்காலோடு நடந்தாள். அறைக்கு எதிர்ச்சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டாள். (உங்கள் முதுகும் சுவரில்தானே இருக்கிறது?) சுவர் குளிர்ந்திருந்தது. கையில் இன்னும் பொத்தான் தைத்த சட்டை; வைத்துவிட்டு வர மறந்துவிட்டாள். ஊசி அதில் தொங்கியது. அறைக்கதவு நெருங்கியது. கதவுக்குக் கீழே இருக்கும் வெளிச்சக் கோட்டை அவள் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அங்கே

(இல்லை. அவளும் பார்க்கவில்லை, நானும் பார்க்கமாட்டேன்.)

கடந்துவிட்டாள். தாழ்ப்பாளில் கை வைத்தாள்.

பின்னாலிருந்து, தூக்கம் கலைந்த, இதமான குரல். தங்கையின் குரலேதான்.

"அக்கா, நான் முழிச்சுட்டேன். நீ தாராளமா மிஷின் தைச்சுக்கோ."

முன்னாலிருந்து, கதவை உள்ளங்கையால் தட்டும் சத்தம்.

"அக்கா. பட்டப்பகல்ல எதுக்குத் தாழ்ப்பாள்? கால் ரெண்டும் கழண்டுடும் போல இருக்கு. வந்து திறக்கறியா, இல்ல மிஷின்கிட்டயே ஜோடி போட்டு உக்காந்திருக்கியா?"

நடையில், செருப்பு தேய்கிற சத்தம் ஆரம்பித்தது.

9.

முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில், அக்கா திறக்கிறாள், வெளியே யாரும் இல்லை. மலிவான வேலை, கிழித்துப் போட்டேன். இன்னொன்றில், திரும்பிப் பார்க்கிறாள். அது எப்படி இருந்தது என்று ஒரு பக்கம் வர்ணித்தேன். வர்ணிக்க வர்ணிக்க என் பயம் வடிந்துபோனது. அடுப்பில் போட்டேன். மூன்றாவதில் எல்லாம் கனவு. என்னை அடிக்க வருவீர்கள்.

அதனால் முடிவை எழுதப்போவதில்லை. தாழ்ப்பாள் இப்போது உங்கள் கையில். வேண்டுமானால் இழுங்கள், வேண்டாமென்றால் அப்படியே பிடித்துக்கொண்டு நில்லுங்கள்.

ஆனால் அந்தப் பெண்ணை நான் மூன்றாவது மாடியில் குடிவைத்து, பொத்தான் தைக்க வைத்து, சிரிக்க வைத்து வளர்த்திருக்கிறேன். வெறுங்கையோடு விட மனசு வரவில்லை. ஒன்றே ஒன்று அவள் காதில் சொல்கிறேன், நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள்: இத்தனை வருஷத்தில் உன் தங்கை ஒருநாளாவது உன்னிடம் 'தாராளமா மிஷின் தைச்சுக்கோ' என்று சொல்லியிருக்கிறாளா, கண்ணு? திட்டுகிறவள்தான் உன்னுடையவள்.

சரி, எழுந்து போங்கள், நேரமாகிறது. உங்கள் வீட்டில் தூங்குகிறவர்கள் உங்களைச் சேர்ந்தவர்களாகவே இருக்கட்டும். வெளியே போனவர்கள் குறை சொல்லிக்கொண்டே, கதவைத் தட்டிக்கொண்டே வந்து சேரட்டும். அறைவாசலில் செருப்புகள் தாறுமாறாகக் கிடக்கட்டும். நீங்கள் படுக்கப் போகும்போது மெத்தை குளிர்ந்திருக்கட்டும்.